மெஷின் NG என்றது, கண் OK என்றது: ஏ.ஓ.ஐ. மறுப்புகளைப் பதிந்து எல்லைகளைத் திருத்தும் முறை

சர்க்யூட் போர்டில் பார்ட்களை ஒட்டும் எஸ்.எம்.டி. லைனில், சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு போர்டையும் ஏ.ஓ.ஐ. மெஷின் மேலிருந்து படமெடுத்துப் பார்க்கிறது. சந்தேகம் வந்த இடத்தில் NG என்று குறிக்கிறது. அந்தப் படம் பக்கத்து மேசையில் இருப்பவரின் திரைக்குப் போகிறது. அவர் பார்த்துவிட்டு, மெஷின் சொன்னது சரியென்றால் NG அழுத்துவார், தவறென்றால் OK அழுத்துவார். இந்த இரண்டாவது அழுத்தம்தான் மறுப்பு. லைனில் இதை ஃபால்ஸ் கால் என்பார்கள்.

பெரும்பாலான லைன்களில் இந்த அழுத்தம் ஒரு எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சுகிறது. ஷிஃப்ட் முடிவில் இத்தனை ஃபால்ஸ் கால் என்று ஒரு வரி வரும். எண் பெரிதாக இருந்தால் புரோகிராம் எழுதுபவர், எந்த அளவைத் தாண்டினால் NG என்று சொல்லும் எல்லைகளைக் கொஞ்சம் தளர்த்துவார், மறுநாள் எண் குறையும், எல்லோருக்கும் நிம்மதி. தளர்த்தியதில் எந்தப் பழுது நழுவியது என்பதைச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்காது. அந்த அழுத்தத்தை முழுப் பதிவாக மாற்றி, அதை வைத்தே எல்லைகளைத் திருத்தும் அமைப்பின் செய்முறை இது. இதற்கு ஒரு பழைய கணினியும் SQLite-ம் போதும். மெஷினின் மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. அது வெளியே தரும் முடிவுக் கோப்பைப் படித்தால் போதும்.

பதிவில் என்ன இருக்க வேண்டும்

OK என்ற சொல் மட்டும் இருந்தால் பயனில்லை. மெஷின் அளந்த அளவு என்ன, அந்த நேரத்தில் அமலில் இருந்த எல்லை என்ன, புரோகிராமின் எந்தப் பதிப்பு ஓடியது என்ற மூன்றும் அதே வரியில் இருக்க வேண்டும். எல்லையைப் பிறகு புரோகிராமில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டு மாதத்தில் அது நான்கு முறை மாறியிருக்கும். அப்போது பழைய மறுப்புகள் எதை மறுத்தன என்றே தெரியாது.

```sql
CREATE TABLE override_log (
  id         INTEGER PRIMARY KEY,
  board_sn   TEXT NOT NULL,
  refdes     TEXT NOT NULL,
  algo       TEXT NOT NULL,
  measured   REAL,
  limit_used REAL,
  prog_ver   TEXT NOT NULL,
  verdict_mc TEXT NOT NULL,
  verdict_hu TEXT NOT NULL,
  reason     TEXT,
  reviewer   TEXT NOT NULL,
  shown_at   TEXT,
  pressed_at TEXT NOT NULL,
  image_path TEXT,
  corrects   INTEGER
);

CREATE TRIGGER no_edit BEFORE UPDATE ON override_log
BEGIN SELECT RAISE(ABORT, 'add a new row'); END;
```

மனிதர் மெஷினோடு ஒத்துப்போன வரிகளும் இதில் ஏற வேண்டும். மறுத்தவற்றை மட்டும் சேர்த்தால், எல்லையைத் தளர்த்தும்போது எந்த உண்மைப் பழுதுகள் அந்தப் பக்கம் விழும் என்று பார்க்க வழியில்லை.

`measured` என்பதில் கூட்டல், கழித்தல் குறியோடு எண் ஏற வேண்டும். பார்ட் இடப்பக்கம் நகர்ந்ததா வலப்பக்கமா என்பது குறியில்தான் இருக்கிறது. சில மெஷின்களின் முடிவுக் கோப்பு குறியை உதறிவிட்டு அளவை மட்டும் தரும். ஏற்றுமதி அமைப்பில் அதை மாற்ற முடியுமா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. பின்னால் R211 என்ற ரெசிஸ்டர் வரிசையில் இது தேவைப்படும்.

தவறாக அழுத்திவிட்டேன் என்று யாராவது சொன்னால் பழைய வரியைத் திருத்தக் கூடாது. புதிய வரி போட்டு, `corrects` என்ற இடத்தில் பழைய வரியின் எண்ணைக் குறிக்க வேண்டும். மேலே உள்ள ட்ரிகர் அதைக் கட்டாயமாக்குகிறது. மனம் மாறியதும் ஒரு தகவல்தான். எந்தப் படங்களில் மனம் மாறுகிறதோ அங்கேதான் அளவுகோல் மங்கலாக இருக்கிறது.

படம் என்பது திரையில் தெரியும் சின்ன வெட்டுப்படம் அல்ல. ஒவ்வொரு விளக்குக்கும் மெஷின் தனித்தனியாக எடுத்த மூலப் படங்கள் வேண்டும். வெட்டுப்படத்தை வைத்துப் புதிய எல்லையை மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. இடத்தை மிச்சப்படுத்த NG படங்களை மட்டும் சேமிக்கும்படி அமைத்திருப்பார்கள். 20 போர்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தேறிய போர்டின் எல்லாப் படங்களையும் சேமிக்கும்படி அதை மாற்ற வேண்டும். காரணம் கடைசிப் பகுதியில் வரும்.

காரணத்துக்கு ஆறு பொத்தான்கள் போதும்: எல்லை இறுக்கம், நிழல் அல்லது விளக்கு, படத்தில் மெஷின் பார்க்கும் சட்டம் விலகியது, மாற்றுக் கம்பெனி பார்ட், தூசி அல்லது ஃப்ளக்ஸ் கறை, தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வைத்தால் கை முதல் இரண்டிலேயே நின்றுவிடும். எதையும் முன்கூட்டியே தேர்வாகி நிற்கும்படி வைக்கக் கூடாது. வைத்தால் பதிவில் பாதி அந்தக் காரணமாகவே இருக்கும். ‘தெரியவில்லை’ என்ற பொத்தான் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத திரையில் தெரியாதவர் ‘தூசி’ என்று அழுத்துகிறார்.

பதிவைச் சலித்துப் பார்த்தல்

```sql
SELECT refdes, algo, reason, COUNT(*) AS n,
       MIN(ABS(measured)), MAX(ABS(measured))
FROM override_log
WHERE verdict_mc='NG' AND verdict_hu='OK'
  AND prog_ver='B3-07'
GROUP BY refdes, algo, reason
ORDER BY n DESC;
```

கணக்கு விளங்குவதற்காக ஒரு ஷிஃப்ட்டின் பதிவை இப்படி வைத்துக்கொள்வோம். 420 போர்டு ஓடியது. மெஷின் 236 இடத்தில் NG சொன்னது. அதில் 17 உண்மைப் பழுது, 219 மறுப்பு. மறுப்புகளைப் பிரித்தால் C41 என்ற ஒரே கண்டென்சரில் சால்டர் குறைவு என்று 96. R31 முதல் R38 வரையுள்ள ரெசிஸ்டர் வரிசையில் நகர்வு என்று 58. R211 முதல் R218 வரை அதே நகர்வு 24. U5 ஐ.சி.யின் எழுத்து பொருந்தவில்லை என்று 22. மீதி 19 அங்கொன்றும் இங்கொன்றுமாக.

இப்படிச் சலித்ததும் தெரிவது, மறுப்புகள் போர்டு முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை என்பதுதான். நான்கு இடங்களில் குவிந்திருக்கின்றன, நான்குக்கும் வைத்தியம் வேறு. மொத்த எண்ணைப் பார்த்து எல்லா எல்லையையும் ஒரு சுற்றுத் தளர்த்துவது, காலில் முள் தைத்ததற்கு உடம்பு முழுக்கத் தைலம் தேய்ப்பது போல.

உதிரியாகக் கிடக்கும் அந்த 19-ஐ இப்போதைக்குத் தொடாமல் விடலாம். U5-ஐயும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டோரில் கேட்டால் வேறு கம்பெனியின் ரீல் ஏறியிருப்பது தெரியும். அது ஒப்புதல் பெற்ற மாற்றுதானா என்று உறுதி செய்துகொண்டு, அதன் எழுத்தை இரண்டாவது மாதிரிப் படமாகச் சேர்த்தால் போதும். எழுத்துப் பொருத்தத்தின் மதிப்பெண்ணை மட்டும் குறைக்கக் கூடாது. ஐ.சி. தலைகீழாக அமர்ந்தால் பிடிப்பதும், தவறான ஐ.சி. ஏறினால் பிடிப்பதும் அதே சோதனைதான்.

C41: எல்லையில் கோளாறு இல்லை

96 மறுப்பும் ஒரே பார்ட்டில், அதிலும் அந்தப் பார்ட்டின் ஒரே முனையில். ஆபரேட்டர்கள் பெரும்பாலும் ‘எல்லை இறுக்கம்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். காரணப் பொத்தானை அப்படியே நம்பினால் இங்கே தப்பான திருத்தத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

மூவண்ண விளக்கு வைத்த மெஷினில் சிவப்பு மேலிருந்தும், பச்சை நடுக்கோணத்திலும், நீலம் தாழ்வாகப் பக்கவாட்டிலும் விழும். அதனால் தட்டையான பரப்பு சிவப்பாகவும், செங்குத்தாகச் சரியும் சால்டர் நீலமாகவும் படத்தில் தெரியும். நல்ல ஜாயின்ட்டில் பார்ட்டின் முனையை ஒட்டி நீலப் பட்டை இருக்கும். சட்டத்துக்குள் நீலம் எத்தனை சதவீதம் என்று மெஷின் எண்ணுகிறது. C41-ல் எல்லை 35, அளந்தது 18 முதல் 26 வரை. அதே பார்ட்டின் மறுமுனையில் 50-க்கு மேல்.

போர்டைப் பார்த்தால் C41-க்கு 2 மி.மீ. தள்ளி, 10 மி.மீ. உயரத்தில் ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் நிற்கிறது. தாழ்ந்து வரும் நீல வெளிச்சம்தான் முதலில் மறைபடும். நிழலா, உண்மையிலேயே சால்டர் குறைவா என்று உறுதி செய்ய இரண்டு சோதனை போதும். முதலில் போர்டை 180 பாகை திருப்பி ஓட்டுங்கள். கருமை அதே முனையில் நின்றால் மெஷினின் விளக்கில் பழுதில்லை; கருமை மறுமுனைக்கு மாறினால் ஒரு பக்கத்து எல்.இ.டி. போயிருக்கிறது. அடுத்து, பெரிய கண்டென்சரை மட்டும் வைக்காமல் ஒரே ஒரு போர்டை ரீஃப்ளோ வரை அனுப்புங்கள். நீலம் 50-க்கு ஏறினால் நிழல்தான். ஏறாவிட்டால் சால்டர் பேஸ்ட் பிரின்டரில் ஸ்டென்சில் துளை அடைத்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அப்படியானால் 96 மறுப்பும் தப்பு.

நிழல் என்று தெரிந்த பின்னும் எல்லையை 35-லிருந்து 15-க்கு இறக்கக் கூடாது. இரண்டு காரணம். அந்த எல்லை பெரும்பாலும் லைப்ரரியில், அந்தப் பார்ட் வகைக்கே பொதுவாக இருக்கும். C41-க்காக இறக்கினால் போர்டிலுள்ள அதே வகைக் கண்டென்சர் எல்லாவற்றுக்கும் இறங்கும். இன்னொன்று, நிழலில் 18 காட்டுகிற நல்ல ஜாயின்ட்டும், சால்டரே இல்லாத ஜாயின்ட்டும் இந்த விளக்கில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். எண்ணை எங்கே வைத்தாலும் இரண்டையும் பிரிக்காது. இந்த இடத்தில் வண்ணம் என்ற அளவுகோலே செல்லாது.

சரியான திருத்தம், C41-ன் அந்த ஒரு முனைக்கு மட்டும் தனி வகை உண்டாக்கி, வண்ணத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டுக் கேமராவையோ உயர அளவையோ வைப்பது. இரண்டும் இல்லாத மெஷினாக இருந்தால் அந்த முனையை மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கும் வேலையாக எழுதிவைக்க வேண்டும். போர்டில் ஊசி வைத்து மின்னளவு பார்க்கும் ஐ.சி.டி. சோதனை பின்னால் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. C41 என்பது 100 நானோ ஃபாரட். பக்கத்தில் நிற்கும் 470 மைக்ரோ ஃபாரட்டுக்கு இணையாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அளக்கும் கருவிக்கு, சின்னது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

ரெசிஸ்டர் வரிசை: ஒரே எல்லை, இரண்டு நியாயம்

R31 வரிசையும் R211 வரிசையும் ஒரே 0402 ரெசிஸ்டர், நீளம் 1.0 மி.மீ., அகலம் 0.5 மி.மீ. போர்டில் அது ஒட்டும் செம்புப் பரப்பான பேட்டின் அகலம் 0.6. லைப்ரரியில் பக்கவாட்டு நகர்வுக்கு எல்லை 0.12 மி.மீ. முதல் வரிசையில் மறுக்கப்பட்டவை 0.13 முதல் 0.19 வரை, இரண்டாவதில் 0.13 முதல் 0.18 வரை. பதிவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன.

மறுத்தவர்கள் எதை வைத்து மறுத்தார்கள்? ஐ.பி.சி. ஏ-610 தரநிலையின் இரண்டாம் வகுப்பில், பார்ட் பேட்டை விட்டுப் பக்கவாட்டில் வெளியே துருத்தலாம். பார்ட் முனையின் அகலம், பேட் அகலம் இரண்டில் எது குறைவோ அதில் பாதி வரை. மூன்றாம் வகுப்பில் கால் பங்குதான். நம் போர்டு இரண்டாம் வகுப்பு, ஆகவே 0.25 மி.மீ. வரை துருத்தலாம். 0.12 என்பது மூன்றாம் வகுப்பின் 0.125-ஐப் பார்த்து யாரோ போட்ட எண் போல இருக்கிறது.

தரநிலை பேசுவது துருத்தல். மெஷின் அளப்பது நகர்வு. இரண்டும் ஒன்றல்ல. பார்ட் நடுவில் இருக்கும்போது பேட் இருபுறமும் 0.05 மி.மீ. கூடுதலாக இருக்கிறது. முதல் 0.05 நகர்வு துருத்தலே ஆகாது.

```
துருத்தல் = நகர்வு − (0.6 − 0.5)/2 = நகர்வு − 0.05
```

0.25 துருத்தல் என்பது 0.30 நகர்வு. மெஷினின் அளவு ஆட்டத்தையும் இதில் கழிக்க வேண்டும். ஒரே போர்டைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்து ஓட்டி, ஒரு ரெசிஸ்டரின் நகர்வு எண்களின் திட்டவிலக்கத்தைப் பாருங்கள். 0.01 வந்தால் அதன் மும்மடங்கு 0.03. ஆக 0.27 வரை எல்லையை வைக்கத் தரநிலை இடம் தருகிறது.

ஆனால் வைக்க வேண்டிய எண் 0.27 அல்ல, 0.20. 58 மறுப்பும் 0.19-க்குள்தான். 0.20-க்கு மேல் இந்த வரிசையில் ஒரு படம்கூடப் பதிவில் இல்லை. பார்க்காத இடத்துக்கு எல்லையைத் திறந்துவிட எந்த ஆதாரமும் கிடையாது. அதோடு உருகிய சால்டர் தன் இழுப்பிலேயே பார்ட்டை நடுவுக்குக் கொண்டுவரும். ரீஃப்ளோவுக்குப் பிறகும் 0.2 மி.மீ. விலகி நிற்கிற பார்ட் வேறு ஏதோ சொல்கிறது: பேஸ்ட் ஒரு பக்கம் குறைந்திருக்கும், அல்லது பார்ட்டைத் தூக்கி வைக்கும் நாசில் தேய்ந்திருக்கும். அதனால் 0.12-ஐத் தூக்கி எறிய வேண்டாம். அதை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொண்டு, 0.20-ஐ நிராகரிப்புக் கோடாக்கலாம். எச்சரிக்கையைத் தாண்டியவை திரைக்கு வராது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தாண்டின என்ற எண் மட்டும் பார்ட் வைக்கும் மெஷினைப் பார்ப்பவருக்குப் போகும்.

R211 வரிசைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே ரெசிஸ்டர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பக்கத்துப் பேட்டுக்கு இடைவெளி 0.25 மி.மீ.தான். துருத்தல் பாதி அகலத்துக்குள் இருந்தாலும், குறைந்தபட்ச மின் இடைவெளியைக் கெடுத்தால் அது பழுதுதான் என்பது அதே தரநிலையின் நிபந்தனை. இந்தப் போர்டின் வரைபடத்தில் அந்த இடைவெளி 0.13 என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரெசிஸ்டர் மட்டும் நகர்ந்தால் 0.12 வரை துருத்தலாம், அதாவது 0.17 நகர்வு. அளவு ஆட்டம் 0.03 போனால் 0.14. மறுப்புகளில் 0.18 வரை இருக்கிறது. 0.18 நகர்வில் துருத்தல் 0.13, இடைவெளி 0.12. அந்த OK தவறு.

பக்கத்துப் பக்கத்து ரெசிஸ்டர்கள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டும் 0.12 நகர்ந்தால் துருத்தல் 0.07 வீதம் 0.14, மிச்ச இடைவெளி 0.11. இரண்டுமே பழைய எல்லைக்குள் இருப்பதால் மெஷின் இரண்டையும் தேற்றிவிடும். ஆக, தளர்த்தலாம் என்று தொடங்கிய பதிவு இந்த வரிசையில் இறுக்கச் சொல்கிறது. R211 வரிசைக்குத் தனி வகை, எல்லை அதே 0.12, அதோடு எதிரெதிராக நகர்ந்த ஜோடிகளுக்கு இரு நகர்வின் கூட்டல் 0.22-ஐத் தாண்டக் கூடாது என்ற புதிய விதி. ஆட்டத்தையும் கழிக்க விரும்பினால் அதற்கும் கீழே. எதிரெதிரா, ஒரே திசையா என்பதை `measured`-ன் குறி சொல்லும். குறி ஏறாத பதிவில் இந்த விதியை எழுதவே முடியாது.

தவறாக OK ஆன போர்டுகளைத் திரும்ப எடுக்க `board_sn` இருக்கிறது. 0.14-க்கு மேல் மறுக்கப்பட்ட R211 வரிசைப் போர்டுகளின் எண்களை எடுத்து, அவை இன்னும் கிடங்கில் இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட வேண்டும். ஆபரேட்டரைக் கோபித்துப் பயனில்லை. பக்கத்துப் பேட் வெட்டுப்படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்தால் அவர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? அந்த வரிசைக்குத் திரையில் வரும் படத்தை அகலமாக்குவதும் திருத்தத்தில் சேரும்.

மறுப்பவர் எவ்வளவு நிலையானவர்

எல்லையைத் தொடும் முன் செய்ய வேண்டிய இன்னொன்று. பதிவிலிருந்து 50 படம் எடுங்கள். பாதி நல்லது, பாதி பழுது, இரண்டிலும் எல்லையோரப் படங்கள் நிறைய இருக்கட்டும். மெஷின் என்ன சொன்னது என்று காட்டாமல், சரிபார்க்கும் இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். இருவரும் OK சொன்னவை 23, இருவரும் NG சொன்னவை 20, முரண்பட்டவை 7 என்று வந்தால் 86 சதவீதம் ஒத்துப்போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலாமவர் மொத்தம் 27 OK, இரண்டாமவர் 26 OK சொல்லியிருந்தால், கண்ணை மூடி அழுத்தினாலே பாதி ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிப்பதுதான் கப்பா.

```
தற்செயல் = (27×26 + 23×24) / 2500 = 0.50
கப்பா    = (0.86 − 0.50) / (1 − 0.50) = 0.72
```

வாகனத் துறையின் அளவீட்டுக் கையேடு 0.75-க்கு மேல் இருந்தால்தான் நல்ல ஒப்புமை என்கிறது. 0.72-ல் நிற்கும்போது அந்த ஏழு படங்களையும் இருவருக்கும் நடுவில் வைத்துப் பேச வேண்டும். அநேகமாக ஏழில் ஐந்து ஒரே வகையாக இருக்கும். அந்த வகைக்கு ஒரு எல்லைப் படம் ஒட்டிவைத்தால் அடுத்த சுற்றில் எண் ஏறும். அதற்கு முன் இவர்களுடைய மறுப்புகளை வைத்து எல்லையை நகர்த்தினால், எந்த ஷிஃப்ட்டில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு ஏற்ப எல்லை ஆடும்.

`shown_at`, `pressed_at` இரண்டின் வித்தியாசத்தையும் ஒருமுறை பாருங்கள். வருவதில் பத்துக்கு ஒன்பது ஃபால்ஸ் கால் என்றால் கை தானாக OK-க்குப் போகும். ஒரு வினாடிக்குள் விழுந்த OK-களை எல்லைத் திருத்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஷிஃப்ட்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் இவை கூடினால், அது ஆளின் குறையைவிடத் திரையில் வந்து குவியும் சுமையின் குறை. C41 ஒன்றைச் சரிசெய்தாலே அந்தச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும்.

மறுபடி ஓட்டிப் பார்த்தல்

ஒரு நேரத்தில் ஒரே ஒரு எல்லையை மாற்றி, புதிய பதிப்பு எண் கொடுத்து, சேமித்த மூலப் படங்கள்மேல் ஓட்ட வேண்டும். பார்க்க வேண்டியது இரண்டு: பழைய ஃபால்ஸ் கால்களில் எத்தனை மறைந்தன, உண்மைப் பழுதுகளில் எதாவது நழுவியதா. முதல் எண் எப்போதும் மனம் குளிரும்படி இருக்கும். முடிவை இரண்டாவதுதான் சொல்ல வேண்டும்.

அங்கேதான் படங்கள் போதாது. நகர்வுப் பழுது என்று உறுதியான படங்கள் 30 இருக்கின்றன, புதிய எல்லை முப்பதையும் பிடித்தது என்றால், நழுவல் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. பூஜ்யம் கண்ட இடத்தில் 3-ஐப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், 95 சதவீத உறுதியோடு மேல்வரம்பு கிடைக்கும். 3/30 என்றால் 10 சதவீதம். பத்தில் ஒரு பழுது நழுவக்கூடும் என்பதை மறுக்க இந்த முப்பது படங்களால் முடியாது. 1 சதவீதத்துக்குக் கொண்டுவர 300 படம் வேண்டும், நன்றாக ஓடும் லைனில் அத்தனை பழுது கிடைக்காது. ஆகவே செய்துவைக்க வேண்டியதுதான்: கழித்த போர்டுகளில் ரெசிஸ்டர்களைச் சூடாக்கி 0.18, 0.20, 0.22, 0.25 என்று வேண்டுமென்றே நகர்த்தி, நகர்வை மைக்ராஸ்கோப்பில் அளந்து, மெஷினில் ஓட்டிச் சேமிக்கலாம். இந்தப் போர்டுகளின் மூலையில் சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். நல்ல போர்டோடு கலந்து பெட்டிக்குள் போய்விட்டால் அது வேறு கதை ஆகிவிடும்.

மூலப் படங்களில் தேறினால், ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பழைய எல்லையே முடிவு சொல்லட்டும். புதிய எல்லை என்ன சொல்லியிருக்கும் என்பதைப் பக்கத்தில் எழுதி வாருங்கள். இரண்டும் வேறுபட்ட இடங்களை மட்டும் மறுநாள் காலை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பதிவு பார்க்காத பக்கம்

இந்தப் பதிவுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. மெஷின் NG சொன்னவை மட்டுமே மனிதரிடம் வருகின்றன. மெஷின் தேற்றிவிட்ட பழுதை யாரும் மறுக்க முடியாது, அது யார் திரைக்கும் வரவில்லை. அதனால் மறுப்புகளை மட்டும் நம்பி எல்லையைத் திருத்திக்கொண்டே போனால், திருத்தம் எப்போதும் தளர்த்தும் திசையிலேயே போகும். எல்லை 0.20 ஆன நாள் முதல் 0.12-க்கும் 0.20-க்கும் இடையில் இருப்பவற்றைப் பற்றிப் பதிவு பேசுவதையே நிறுத்திவிடும். திறந்துவிட்டது சரியா தவறா என்று பின்னால் கேட்டால் பதில் இருக்காது.

அதற்குத்தான் 20-க்கு ஒன்று. புதிதாகத் திறந்த இடைவெளியில் விழுபவற்றில் இருபதுக்கு ஒன்றையும், சேமித்துவைத்த தேறிய படங்களில் சிலவற்றையும், மெஷினின் தீர்ப்பை மறைத்துச் சரிபார்ப்பவரின் திரைக்கு மற்றவற்றோடு கலந்து அனுப்ப வேண்டும். `verdict_mc='OK'`, `verdict_hu='NG'` என்ற வரிகள் அப்போதுதான் பதிவில் பிறக்கும். அப்படி ஒரே ஒரு வரி வந்தாலும், ஃபால்ஸ் கால் நூறை விட அதை முதலில் பார்க்க வேண்டும்.

ஐ.சி.டி.யிலும் கடைசிச் சோதனையிலும் விழுந்த போர்டுகளின் எண்களையும் இதே அட்டவணையில் சேர்க்கலாம். `reviewer` இடத்தில் `ICT` என்று போட்டுக்கொள்ளுங்கள். விழுந்த பார்ட்டின் படத்தைப் பின்னோக்கித் தேடி, மெஷின் அப்போது என்ன அளந்தது, யாராவது OK அழுத்தினார்களா என்று பார்க்க ஒரே வரி SQL போதும். அந்தப் போர்டு படம் சேமித்த இருபதில் ஒன்றாக இல்லாவிட்டால் அளவு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் மெஷினின் முடிவுக் கோப்பு தேறிய இடங்களின் அளவையும் எழுதும்படி அமைத்திருந்தால்தான். பல மெஷின்களில் அந்தத் தேர்வு அணைந்தே வரும். ஏற்றுமதி அமைப்பில் குறியைச் சரிசெய்யப் போகும்போதே அதையும் போட்டுவிடுங்கள்.